கரை புரளும் ஆறும் கணக்கும்
வெள்ளத்தின் அளவைக் குறுக்குவெட்டைப் பகுத்துக் காணும் முறை

ஈப்போ நகரின் மேற்குப் பக்கத்தில், புந்தோங் வழியாக வந்து கிந்தா ஆற்றோடு கலப்பது பாரி ஆறு. மழையில்லாத நாட்களில் அது தன் இரு கரைகளுக்கும் நடுவே, ஆழத்தில், மணற்படுகையின் மீது அடங்கி ஓடுகிறது. மலைப்பக்கம் மாலைமழை பிடித்துக்கொண்டால் நிறம் மாறி, மட்டம் உயர்ந்து, கரையின் விளிம்பை எட்டுகிறது. மழை மேலும் வலுத்தால் நீர் கரையை மீறி இருபுறமும் உள்ள தாழ்ந்த நிலத்தில் பரவுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஆறுகள் பலவும் இத்தகையனவே. ஈயலம்பங்கள் நிறைந்திருந்த காலத்தில் கழிவு மணல் வந்து படிந்து அவற்றின் படுகைகள் மேடிட்டன. மேடிட்ட ஆறு கரையைத் தாண்டுவது எளிதாயிற்று.

அவ்வாறு கரை கடந்து ஓடும் வேளையில் ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் போகிறது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. பாலம் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும், தடுப்புக்கரையை எம்மட்டம் வரை எழுப்பவேண்டும், கரையோர வீட்டின் தரையை எத்தனை படி உயர்த்தவேண்டும் என்பன எல்லாம் இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. நீர் கரைக்குள் இருக்கும்வரை விடை எளிது. நீர் கரையைத் தாண்டியதும் அதே கணக்கு, அதே வாய்பாடு, நம்பவே முடியாத விடையைத் தருகிறது. அது ஏன், அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பதைப் படிப்படியாகக் காணலாம்.

வேகத்தைக் கணிக்கும் வாய்பாடு

ஓடும் நீரின் அளவைக் காண்பதற்கு இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்று, ஆற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் நீரின் பரப்பு. மற்றொன்று, நீரின் சராசரி வேகம். இரண்டையும் பெருக்கினால் வருவது வினாடிக்கு ஓடும் நீரின் கன அளவு; அதனைப் பாய்வு என்று சொல்வர்.

பரப்பை அளப்பது கடினமன்று. நீர் வற்றிய நாளில் ஆற்றின் குறுக்கே அளந்து படம் வரைந்து வைத்துக்கொண்டால், வெள்ள நாளில் நீர்மட்டத்தை மட்டும் அளவுகோலில் பார்த்தால் போதும். வேகமே தொல்லை தருவது. மரமும் குப்பையும் அடித்துவரும் வெள்ளத்தில் வேகமானியை இறக்கி அளப்பது ஆபத்து. பெருவெள்ளம் பெரும்பாலும் நள்ளிரவில் வந்து விடிவதற்குள் வடிந்தும் விடுகிறது. ஆதலால் வேகத்தைக் கணக்கினால் பெறவேண்டியிருக்கிறது.

இதற்கு உலகெங்கும் வழங்கும் வாய்பாடு அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889-ஆம் ஆண்டு முன்வைத்த ஆய்விலிருந்து வந்தது. அது வருமாறு:

V = (1/n) × R^(2/3) × S^(1/2)

இதில் V என்பது வேகம். S என்பது ஆற்றின் சரிவு. ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் இறங்கினால் அது 0.001. n என்பது படுகையின் கரடுமுரடைக் காட்டும் எண்; அதனைக் கரடெண் எனலாம். வழுவழுப்பான இடத்தில் அது சிறியது. புதரும் செடியும் மண்டிய இடத்தில் பெரியது.

எஞ்சியது R. இதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. ஓடும் நீரைப் பின்னே இழுத்துப் பிடிப்பது படுகையும் கரையும். நீர் தொட்டுக்கொண்டு போகும் படுகையின் நீளத்தையும் கரைகளின் உயரத்தையும் கூட்டினால் வருவது நனைசுற்றளவு. நீரின் பரப்பை இந்த நனைசுற்றளவால் வகுத்தால் கிடைப்பது R. அதற்கு நீரியல் ஆரம் என்று பெயர். இதன் பொருளை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்: இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு மீட்டர் படுகைக்கும் எவ்வளவு நீர் பங்காக வருகிறது என்பதே R. ஆழமான, ஒடுங்கிய வாய்க்காலில் அப்பங்கு அதிகம். நீர் விரைந்து ஓடும். கணுக்கால் ஆழத்தில் அகலப் பரவிய நீரில் அப்பங்கு மிகக் குறைவு. நீர் ஊர்ந்தே போகும்.

நீர் ஏறியது, கணக்கு இறங்கியது

கணக்கை எளிதாக்குவதற்காக ஒரு மாதிரி ஆற்றை வைத்துக்கொள்க. இது பாரி ஆற்றை அளந்து எடுத்த படமன்று. அத்தகைய ஓர் ஆற்றின் எளிய வடிவமே. அதன் நடுவாய்க்கால் 20 மீட்டர் அகலம்; கரைமட்டம் வரை 3 மீட்டர் ஆழம்; பக்கங்கள் செங்குத்து. இருபுறமும் 30 மீட்டர் அகலத்துக்குத் தட்டையான வெள்ளச் சமவெளி. அதனைக் கரைவெளி என்று சுருக்கமாகக் குறிக்கலாம். கரைவெளியின் வெளி ஓரத்தில் மேடு. சரிவு ஆயிரத்துக்கு ஒன்று. நடுவாய்க்கால் ஓரளவு சுத்தமானது. அதன் கரடெண் 0.030.

முதலில் நீர் கரைவிளிம்பு வரை நிறைந்து நிற்கிறது. பரப்பு 60 சதுர மீட்டர். நனைசுற்றளவு, 20 மீட்டர் படுகையும் இரண்டு 3 மீட்டர்க் கரைகளும் சேர்ந்து, 26 மீட்டர். ஆரம் 2.31 மீட்டர். வாய்பாட்டின்படி வேகம் வினாடிக்கு 1.84 மீட்டர். பாய்வு வினாடிக்கு 110 கன மீட்டர்.

இப்பொழுது நீர் மேலும் 30 சென்டிமீட்டர் ஏறிக் கரைவெளியில் பரவுகிறது. குறுக்குவெட்டு முழுவதையும் ஒரே துண்டாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போர் செய்வது இது: நடுவாய்க்காலில் 66, இரு கரைவெளிகளிலும் 18, ஆக 84 சதுர மீட்டர் பரப்பு. நனைசுற்றளவோ 26-இலிருந்து 86.6 மீட்டராகத் தாவிவிடுகிறது. ஆரம் 2.31-இலிருந்து 0.97 மீட்டருக்கு விழுந்துவிடுகிறது. வேகம் 1.03 மீட்டர். பாய்வு 87 கன மீட்டர்!

ஆறு ஓர் அடி உயர்ந்திருக்கிறது. கணக்கோ 110 கன மீட்டர் 87 ஆகக் குறைந்துவிட்டது என்கிறது. மேலிருந்து வரும் வெள்ளம் கூடியதனால்தான் மட்டம் உயர்ந்தது. அப்படியிருக்க, மட்டம் உயர்ந்ததனால் ஓடும் நீர் குறைந்தது என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? கரைவெளியின் கரடெண் நடுவாய்க்காலினும் பெரியதாயிற்றே என்று எண்ணி இரண்டுக்கும் நடுவான ஓர் எண்ணை வைத்தாலோ, விடை இன்னும் கீழே போகும்.

இங்கே பெருக்கலிலும் வகுத்தலிலும் தவறில்லை. ஆரம் என்பது சராசரி. சராசரி எடுக்கத்தகாத இரண்டைச் சேர்த்து எடுத்ததே தவறு. நடுவாய்க்காலில் 3.3 மீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீருக்கு, பத்திருபது மீட்டருக்கு அப்பால் கரைவெளியின் புல் தடையாக இருப்பதில்லை. ஆனால் ஒரே துண்டாகக் கொண்ட கணக்கு, கரைவெளியின் 60 மீட்டர் தரையையும் நடுவாய்க்கால் நீரின் தலையில் சுமத்திவிடுகிறது. வகுப்பில் ஒருவன் நூறும் மற்றவன் பத்தும் வாங்கினால் இருவரையும் ஐம்பத்தைந்து என்று சொல்லிவிடுவது போன்றதுதான் இது.

செங்குத்தாக இரண்டு கோடுகள்

இதற்குப் பரிகாரம் மிக எளியது. நடுவாய்க்காலின் இரு கரைவிளிம்புகளிலிருந்தும் நீர்மட்டம் வரை செங்குத்தாக ஒவ்வொரு கோடு இழுக்கவேண்டும். குறுக்குவெட்டு மூன்று துண்டாகிறது: இடக் கரைவெளி, நடுவாய்க்கால், வலக் கரைவெளி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பரப்பு, அதனதன் நனைசுற்றளவு, அதனதன் கரடெண் ஆகியவற்றைக் கொண்டு தனித்தனியே பாய்வைக் கண்டு, இறுதியில் கூட்டவேண்டும். பாய்வுகளைக் கூட்டலாம், ஆரங்களைச் சராசரி செய்தல் ஆகாது. இம்முறையின் சாரம் அவ்வளவே.

கோடு இழுத்த இடத்தில் நீருக்கு அப்பாலும் நீரே இருக்கிறது, மண் இல்லை. ஆகவே அக்கோட்டின் நீளத்தை நனைசுற்றளவில் சேர்ப்பதில்லை. இது பிறகு மறுபடியும் ஆராயப்படும்.

கரைவெளியில் லாலானும் புதரும் வாழையும் காய்கறிப் பாத்தியும் வேலியும் கலந்து கிடப்பதாகக் கொண்டு அதன் கரடெண்ணை 0.080 என்று வைத்துக்கொள்க. நீர் கரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் நிற்கும் அதே நிலையில், நடுவாய்க்காலின் பரப்பு 66, நனைசுற்றளவு 26, ஆரம் 2.54, வேகம் 1.96 மீட்டர், பாய்வு 129.5 கன மீட்டர். கரைவெளி ஒவ்வொன்றிலும் பரப்பு 9, நனைசுற்றளவு 30.3, ஆரம் 0.30, வேகம் வினாடிக்கு 18 சென்டிமீட்டர் மட்டுமே, பாய்வு 1.6 கன மீட்டர். மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 133 கன மீட்டர்.

கரை நிறைந்தபோது 110, ஓர் அடி ஏறியபோது 133. நீர் ஏற, பாய்வும் ஏறுகிறது. கணக்கு நடைமுறையோடு ஒத்துவிட்டது. மேலும் ஓர் உண்மையும் புலப்படுகிறது: இரு கரைவெளிகளும் சேர்ந்து 3 கன மீட்டருக்குச் சற்று மேல்தான் கொண்டுபோகின்றன. அகலத்தில் அவை நடுவாய்க்காலைப் போல மும்மடங்கு. சுமப்பதிலோ நாற்பதில் ஒரு பங்கு.

பொருந்துவது போல் தோன்றும் பொய்

வெள்ளம் இன்னும் பெருகிக் கரைக்கு மேல் 1.5 மீட்டர் நிற்பதாகக் கொள்க. நடுவாய்க்காலில் நீரின் பரப்பு 90 சதுர மீட்டர். இரு கரைவெளிகளிலும் சேர்த்து அதே 90 சதுர மீட்டர். பார்ப்பவர் கண்ணுக்கு ஆறு இருமடங்காகிவிட்டது. பகுத்துக் கணக்கிட்டால் நடுவாய்க்காலில் 217 கன மீட்டர், கரைவெளிகளில் 45, மொத்தம் 262. நீரில் பாதி கரைவெளியில் நிற்கிறது. ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே செல்கிறது. ‘நிற்கிறது’ என்ற சொல் இங்குப் பொருத்தமானதே. கரைவெளி ஓடுபாதை என்பதைக் காட்டிலும் தேங்குமிடமாகவே பயன்படுகிறது. அதனை மண்கொட்டி மேடாக்கினால் ஆற்றின் ஓட்டம் பெரிதும் குறைந்துவிடாது. ஆனால் அங்கே தேங்கியிருக்கவேண்டிய நீர் கீழேயுள்ள ஊருக்கு முன்கூட்டியே போய்ச் சேரும்.

இதே நிலையில் பகுக்காமல், கரடெண் 0.030 என்றே வைத்துக் கணக்கிட்டால் விடை 303 கன மீட்டர். சற்று முன்னர் உண்மைக்குக் கீழே நின்ற பிழைக்கணக்கு, இப்பொழுது மேலே ஏறி நிற்கிறது. அப்படியானால் இடையில் எங்கோ இரண்டும் சந்திக்கவேண்டுமன்றோ? சந்திக்கவே செய்கின்றன. கரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கும்போது பகுக்காத கணக்கு 201 என்கிறது. பகுத்த கணக்கு 202 என்கிறது.

இந்த இடம் எச்சரிக்கைக்குரியது. ஒரு வெள்ளத்தில் 1 மீட்டர் உயரத்தில் மட்டும் அளந்து பார்த்தவர், பகுக்காத முறையே சரி என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் நிகழ்ந்தது யாதெனின், இரண்டு பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. நனைசுற்றளவைப் பெரிதாக்கிய பிழை விடையைத் தாழ்த்துகிறது. கரைவெளியின் புதரை மறந்து சிறிய கரடெண்ணை வைத்த பிழை விடையை உயர்த்துகிறது. 1 மீட்டரில் இரண்டும் சமமாயின, அவ்வளவுதான். ஓர் இடத்தில் விடை பொருந்துவதால் முறை சரியாகிவிடாது. இரண்டு மூன்று மட்டங்களிலாவது ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

நீருக்கும் நீருக்கும் இடையே இழுபறி

பகுத்த முறையும் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. மேலே சொன்ன கணக்கில், இழுத்த கோட்டின் இருபுறமும் உள்ள நீர் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று எண்ணிக்கொண்டோம். நடுவாய்க்காலில் வினாடிக்கு 2.4 மீட்டர் வேகம். கோட்டுக்கு அப்பால் அரை மீட்டர் வேகம். அருகருகே போகும் இவ்விரு நீரும் உராயாமல் போகுமா?

1964-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொறியாளர் செல்லின் என்பார் சோதனைவாய்க்காலில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். நடுவாய்க்காலும் கரைவெளியும் சந்திக்கும் கோட்டின் நெடுகிலும், நிற்கும் அச்சுடைய சுழல்கள் வரிசையாக உருண்டு செல்வதைப் படமெடுத்துக் காட்டினார். அச்சுழல்கள் விரைந்த நீரை மெதுவான பக்கத்துக்கும், மெதுவான நீரை விரைந்த பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகின்றன. அதனால் நடுவாய்க்காலின் வேகம் குறைகிறது. கரைவெளியின் வேகம், சிறப்பாக ஓரத்தில், சற்றுக் கூடுகிறது. பெற்றதைவிட இழந்தது மிகுதி. ஆகவே உண்மையான மொத்தப் பாய்வு, பகுத்த கணக்கு சொல்வதைக் காட்டிலும் குறைவு. 1980-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வாலிங்ஃபோர்டில் 56 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மாபெரும் சோதனைவாய்க்காலில் இதனை விரிவாக அளந்தனர். அம்முடிவுகளைக் கொண்டு பீட்டர் ஆக்கர்ஸ் என்னும் பொறியாளர், பகுத்துக் கண்ட விடையைத் திருத்தும் முறையொன்றை வகுத்தார்.

கையால் கணக்கிடுவோர்க்கு எளிய வழியொன்று உண்டு. நடுவாய்க்காலின் கணக்கில் மட்டும் அந்தச் செங்குத்துக் கோடுகளைச் சுவர்போலக் கருதி நனைசுற்றளவில் சேர்த்துக்கொள்வது. கரைவெளியின் கணக்கில் சேர்க்காமல் விடுவது. நடுவாய்க்கால் நீரைக் கரைவெளி பின்னே இழுக்கிறது. கரைவெளி நீரையோ நடுவாய்க்கால் முன்னே இழுக்கிறது. அதனால்தான் ஒன்றுக்குச் சேர்த்து மற்றதற்கு விடுவது. 1.5 மீட்டர் வெள்ளத்தில் கோடுகள் இரண்டும் சேர்ந்து 3 மீட்டர். நனைசுற்றளவு 29 ஆகிறது. நடுவாய்க்காலின் பாய்வு 217-இலிருந்து 202-க்கு இறங்குகிறது. மொத்தம் 262-க்குப் பதில் 247.

இது முழுப் பரிகாரம் அன்று. கரைவெளியில் நீர் ஆழமில்லாது பரவியிருக்கும் வேளையில்தான் இரு பக்கத்து வேகமும் பெரிதும் வேறுபடுகின்றன. அப்பொழுதே இழுபறியும் கடுமை. ஆனால் கோட்டின் நீளம் அப்பொழுது மிகச் சிறிதாதலால், சுவர் என்று கொள்வது சிறு திருத்தத்தையே தருகிறது. சோதனைவாய்க்கால்களில் சில வடிவங்களில் பகுத்த கணக்கு உண்மையைக் காட்டிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் மிகுதியாகக் காட்டியதுண்டு.

கரடெண்ணை எங்கிருந்து பெறுவது?

பரப்பையும் சரிவையும் அளந்துவிடலாம். கரடெண்ணை அளக்க முடியாது, கண்டு மதிப்பிடவேண்டும். வென் டெ சௌ என்னும் பேராசிரியர் 1959-இல் வெளியிட்ட திறந்த வாய்க்கால் நீரியல் நூலிலுள்ள அட்டவணையே பெரும்பாலோர்க்குக் கைவிளக்கு. வளைவின்றிச் சுத்தமாக ஓடும் இயற்கை ஆற்றுக்கு 0.030, உயர்ந்த புல்வெளிக்கு 0.035; அடர்ந்த புதருக்கு 0.100 என்ற அளவில் அது தருகிறது.

ரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். களையெடுத்த பால்மர நிரைகளுக்கு நடுவே வெள்ளம் புகுந்தால் மரத்தின் அடிகள் மட்டுமே தடுக்கும். அதே தோட்டம் கைவிடப்பட்டுப் பெலுக்கார் மண்டிப்போனால் ஒவ்வொரு செடியும் நீரைத் தடுத்து நிறுத்தும். நிலமும் அதுவே, மட்டமும் அதுவே. கரடெண் மட்டும் இருமடங்காகிவிடும். மாதிரி ஆற்றின் கரைவெளியைப் புல்வெட்டிச் சுத்தமாக வைத்துக் கரடெண் 0.035 ஆக்கினால், 1.5 மீட்டர் வெள்ளத்தில் கரைவெளிகள் 45-க்குப் பதிலாக 103 கன மீட்டர் கொண்டுபோகும். ஓராண்டு முன் கண்ட கரடெண்ணை இன்றைக்கும் வைத்துக் கணக்கிடுவது எவ்வளவு பிழையாகலாம் என்பதற்கு இதுவே சான்று. நீண்ட புல்லோ வெள்ளம் ஆழமானதும் படிந்து சாய்ந்துவிடுகிறது. அப்பொழுது அதன் கரடெண் குறைகிறது. ஆகவே ஒரே கரைவெளிக்கு ஒரே எண் எல்லா மட்டத்துக்கும் பொருந்தாது.

கரைவெளியிலேயே ஒரு பக்கம் வெறும் திடலும் மறுபக்கம் நெருங்கிய வீடுகளும் இருந்தால், அவ்விடத்திலும் ஒரு கோடு இழுத்துப் பகுக்கலாம். ஆனால் பகுப்பது நல்லது என்று நடுவாய்க்காலையும் துண்டு துண்டாக நறுக்குதல் தவறு. படுகையை ஒரு துண்டாகவும் கரைச்சரிவை வேறு துண்டாகவும் வெட்டினால், கரையின் தடையிலிருந்து நடுநீர் விடுபட்டதாகக் கணக்கில் ஆகிவிடும்; விடை உண்மைக்கு மேலே போகும். ஆழம் சட்டென்று மாறும் இடமே கோடு இழுப்பதற்குரிய இடம்.

பிழையை அறிவது எப்படி?

கணக்கு முடிந்ததும் முதலில் செய்யவேண்டியது, மட்டத்தைப் பத்துப் பத்து சென்டிமீட்டராக உயர்த்தி ஒவ்வொன்றுக்கும் பாய்வைக் கண்டு வரைபடத் தாளில் குறிப்பது. கரைவிளிம்பைத் தாண்டும் இடத்தில் கோடு கீழே மடங்கினால் பகுப்பில் தவறு இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு துண்டின் வேகத்தையும் தனியே பார்த்தல் வேண்டும். புதர் மண்டிய கரைவெளியில் ஒன்றரை மீட்டர் வேகம் என்று வந்தால் கரடெண்ணில் பிழை. மூன்றாவது, வெள்ளம் வடிந்தபின் சுவரிலும் மரத்திலும் விட்டுச்சென்ற சேற்றுக்கோட்டை அளந்து, கணக்கிட்ட மட்டத்தோடு ஒப்பிடல் வேண்டும்.

கரைக்குள் ஓடியபோது அளந்த சில புள்ளிகளை இணைத்து, அக்கோட்டை அப்படியே மேலே நீட்டி வெள்ளத்தின் பாய்வைச் சொல்லும் வழக்கமும் உண்டு. கரைவிளிம்பில் ஆற்றின் வடிவமே மாறிவிடுகிறதாதலால், விளிம்புக்குக் கீழே பெற்ற கோடு அதற்கு மேலே செல்லாது.

பாரி ஆறு போன்ற மணலாறுகளுக்கு வேறொரு வரம்பும் உண்டு. அதன் படுகை நிலையானதன்று. புந்தோங் பகுதியில் இவ்வாறு கொண்டுசெல்லும் மணலின் அளவை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அளந்து ஆராய்ந்திருக்கின்றனர். வெள்ளம் ஓங்கும்போது படுகை அரிக்கப்படலாம். வடியும்போது மறுபடி மணல் படியலாம். வற்றிய நாளில் அளந்த குறுக்குவெட்டு, வெள்ளம் உச்சத்தில் இருந்த வேளைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஆறு வளைந்து நெளிந்து செல்லும் இடத்திலோ, கரைகடந்த நீர் வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. நேராக இழுத்த கோடுகள் அங்கே பயன்படா.

இறுதியாக, இக்கணக்கின் பயனை ஒரே எடுத்துக்காட்டில் காணலாம். மாதிரி ஆற்றில் வினாடிக்கு 300 கன மீட்டர் வெள்ளம் வரக்கூடும் என்று கணித்து, அதற்கேற்ற தடுப்புக்கரையைக் கரைவெளியின் வெளி ஓரத்தில் கட்டவேண்டியிருக்கிறது. பகுக்காத கணக்கின்படி நீர் கரைமட்டத்துக்கு மேல் 1.5 மீட்டர் வரும். பகுத்த கணக்கின்படி 1.8 மீட்டர். நீருக்கும் நீருக்கும் உள்ள இழுபறியையும் சேர்த்தால் 1.95 மீட்டரை நெருங்கும். முதற்கணக்கை நம்பி 1.5 மீட்டருக்குக் கட்டிய தடுப்புக்கரையின் தலைக்கு மேல், கணித்த அதே வெள்ளம் வரும் நாளில், அரை மீட்டருக்குச் சற்றே குறைந்த நீர் எழ முற்படும். கரையைத் தாண்டி ஊருக்குள் இறங்கும். அப்பொழுது, எதிர்பாராத பெருவெள்ளம் வந்தது என்று சொல்வர். வந்ததோ எதிர்பார்த்த வெள்ளமேதான். செங்குத்தாக இழுக்கவேண்டிய இரண்டு கோடுகள்தாம் இழுக்கப்படாமற் போயின.